வாமனன் கதையை வைத்து அவதாரப் பாடம்: டர்பனில் சனிக்கிழமை வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்கு

புரட்டாசி நெருங்கினால் எங்கள் கோவில் கமிட்டிக்காரர்கள் யாராவது ஒருவரைப் பிடித்து, "பிள்ளைகளுக்கு அவதாரம் பற்றி ஒரு கிளாஸ் எடுத்துவிடுங்கள்" என்று தலையில் கட்டிவிடுவார்கள். பள்ளி ஆசிரியையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, தமிழ் பேசத் தெரிந்தால் போதும். அப்படித்தான் என் தலையிலும் விழுந்தது. வருகிற பிள்ளைகள் கிரேட் 7 முதல் 9 வரை, அதாவது 12 வயதிலிருந்து 15 வரை. வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவார்கள், ஆனால் ஆயா, தாத்தா, விரதம், கோவிந்தா, நாமம் எல்லாம் தெரியும். அந்த மாதம் இறைச்சி கிடையாது என்பது யாரையும் கேட்காமலே தெரியும். அதை வைத்துக்கொண்டே தொடங்கலாம்.

முதல் வருடம் நான் பத்து அவதாரத்தையும் நாற்பது நிமிடத்தில் சொல்லி முடித்தேன். மீனில் தொடங்கி குதிரைக்காரர் வரை ஒப்பித்தார்கள். அடுத்த வாரம் வராக அவதாரம் எதற்கு என்று கேட்டால் "பன்றி" என்று ஒரு பதில், அவ்வளவுதான். அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். ஒரே ஒரு அவதாரத்தை எடுங்கள், அதற்கு இரண்டு சனிக்கிழமை கொடுங்கள். நான் எடுப்பது வாமனன். காரணம், இந்தக் கதையில் எதிரே நிற்பவன் கெட்டவன் இல்லை.

பலகையில் முதலில் எழுத வேண்டியது

அவதாரம் என்றால் இறங்கி வருவது. சொல்லின் பொருளே அதுதான், மேலிருந்து கீழே. கீதையின் நாலாவது அத்தியாயத்தில் கண்ணன் தான் வருகிற காரணத்தைச் சொல்கிறான்: அறம் தாழ்ந்து அறமல்லாதது தலைதூக்கும்போது வருகிறேன், நல்லவரைக் காக்க, தீயவரை அழிக்க, அறத்தை நிலைநாட்ட. இந்த மூன்று வேலையையும் பலகையின் ஒரு ஓரத்தில் எழுதிவிட்டு அழிக்காமல் விட்டுவிடுங்கள். கடைசியில் அதற்குத் திரும்பி வரப்போகிறோம்.

இன்னொரு ஓரத்தில் நாலு பெயர், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக: இரணியகசிபு, அவன் மகன் பிரகலாதன், அவன் மகன் விரோசனன், அவன் மகன் மகாபலி. ஒரே குடும்பம். கொள்ளுத்தாத்தாவுக்காகத் தூணைப் பிளந்துகொண்டு நரசிம்மம் வந்தது, நகத்தால் கிழித்தது. கொள்ளுப்பேரனுக்காக வந்தது குடையும் கமண்டலமும் பிடித்த ஒரு குட்டிப் பையன். ஏன் அதே சிங்கம் மறுபடி வரவில்லை என்று கேளுங்கள். பதில் சொல்லாதீர்கள். எங்கள் வகுப்பில் ஒருவன் "சைஸ் சரியில்லை" என்றான். இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டேன்.

கதையைச் சொல்லும் விதம்

பாகவதத்தின் எட்டாம் பகுதியில் இந்தக் கதை விரிவாக வருகிறது, நான் அதை முதுகெலும்பாக வைத்துக்கொள்கிறேன். மகாபலி படையெடுத்து வந்து மூன்று உலகத்தையும் பிடித்துக்கொள்கிறான். இந்திரன் ஓடிவிடுகிறான். இந்திரனின் அம்மா அதிதி பிள்ளைகளுக்கு வீடு போயிற்றே என்று அழுது, கணவர் காசியபர் சொன்னபடி பன்னிரண்டு நாள் பால் மட்டும் உண்டு ஒரு நோன்பு இருக்கிறாள். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். புரட்டாசி முழுக்கக் கறிக்கு ஏங்கிக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு, பன்னிரண்டு நாள் பால் என்றால் என்ன என்று உடம்பாலேயே புரியும். அந்த நோன்பின் பலனாக அவள் வயிற்றில் பிறப்பவன்தான் வாமனன்.

நர்மதை ஆற்றின் வடகரையில் மகாபலி வேள்வி நடத்திக்கொண்டிருக்கிறான். பையன் வருகிறான். மகாபலி எழுந்து வரவேற்று, அவன் காலைக் கழுவி, என்ன வேண்டும் கேள் என்கிறான்: பசு, பொன், வீடு, ஊர், குதிரை, யானை. பையன் கேட்பது தன் காலால் மூன்று அடி மண். மகாபலிக்குச் சிரிப்பு வருகிறது. என்னிடம் கேட்டவன் இன்னொருவனிடம் போய்க் கேட்கும் நிலையில் இருக்கக் கூடாதே, ஒழுங்காகக் கேள் என்கிறான். மூன்று அடியில் நிறையாதவனுக்கு ஒரு தீவைக் கொடுத்தாலும் நிறையாது என்று பையன் பதில் சொல்கிறான்.

இந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது, நான் விழுந்தேன். பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று "த்ரீ ஃபீட்" என்று சொல்லிவிட்டேன். ஒரு பெண் பையிலிருந்து ஸ்கேலை எடுத்துத் தரையில் வைத்து, தொண்ணூறு சென்டிமீட்டர்தானே, இதற்கா இவ்வளவு பேச்சு என்றாள். தமிழில் அடி என்றால் பாதமும்தான், எடுத்து வைக்கிற எட்டும்தான், அளவும்தான். இந்தக் கதைக்கு வேண்டியது எட்டு. அதனால் "ஸ்டெப்" என்றே சொல்லுங்கள். இன்னும் நல்லது, வகுப்பில் உயரம் குறைந்த பிள்ளையை (அவன் சம்மதித்தால் மட்டும், கேலிக்கு ஆளாக்க வேண்டாம்) கூடத்தில் மூன்று எட்டு வைக்கச் சொல்லி சாக்பீஸால் கோடு போடுங்கள். எங்கள் கூடத்தில் இரண்டு மீட்டர் சொச்சம் வந்தது. ஒரு பாய் விரிக்கலாம், அவ்வளவு இடம். இவ்வளவுதான் கேட்டான் என்று காட்டிவிட்டு, அந்தக் கோட்டை அப்படியே விடுங்கள்.

அப்புறம் நீர் வார்ப்பது. கொடுத்தேன் என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது, கையில் நீர் ஊற்றினால்தான் தானம் முடிந்தது. இது எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டால் யாராவது ஒருவர் கல்யாணத்தில் என்பார். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கும்போது ஊற்றுகிறார்களே, அதே நீர்தான். மகாபலியின் மனைவி விந்தியாவளி தங்கக் குடத்தில் நீரோடு நிற்கிறாள். மகாபலி கையை நீட்டுகிறான்.

இங்கே நிறுத்துங்கள்.

நிறுத்தும் இடம்தான் பாடம்

கதையை முடித்துவிட்டு "இதிலிருந்து என்ன தெரிகிறது" என்று கேட்டால், பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்த்து நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று ஊகித்துச் சொல்வார்கள். முடிவு தெரியாத இடத்தில் கேட்டால் தாங்களே யோசிக்க வேண்டியிருக்கும். அதனால் மகாபலியின் குரு சுக்கிரன் குறுக்கே வரும் இடத்தில் நிறுத்தி, சுக்கிரனுக்கு ஒரு நல்ல வக்கீலைப் போல நீங்களே வாதாடுங்கள். பல ஆசிரியர்கள் சுக்கிரனை முட்டாளாகவோ பொறாமைக்காரனாகவோ காட்டிவிடுவார்கள், அதோடு பாடம் செத்துவிடும்.

அவன் சொல்வது இது. வந்திருப்பது பையன் இல்லை, திருமால். ஒரு அடியில் பூமி போகும், இன்னொன்றில் வானம் போகும், மூன்றாவதை எங்கே வைப்பான்? கொடுக்க முடியாததைக் கொடுக்கிறேன் என்கிறாய், அதனால் வாக்கும் போகும், நாடும் போகும். தன் பிழைப்பையே அழிக்கிற தானத்தை யாரும் மெச்ச மாட்டார்கள். வருமானத்தை ஐந்தாகப் பிரித்து அறத்துக்கு, புகழுக்கு, பொருள் பெருக்க, இன்பத்துக்கு, சுற்றத்துக்கு என்று வைத்துக்கொள்பவன்தான் நன்றாக வாழ்வான். உயிருக்கோ பிழைப்புக்கோ ஆபத்து வரும்போது பொய் சொன்னால் பழியில்லை. எல்லாமே பாகவதத்தில் அவன் வாயில் வருகிற வாதங்கள்தான், நான் கூட்டவில்லை.

இப்போது கையைத் தூக்கச் சொல்லுங்கள். நீர் ஊற்றுவதா, வேண்டாமா? எங்கள் வகுப்பில் போன வருடம் பதினான்கு பேர். ஒன்பது பேர் சுக்கிரன் பக்கம். அதில் ஒரு பையன் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. பாங்கிலிருந்து பேசுகிறேன் என்று எவனோ ஒருவன் போன் செய்து அவன் ஆயாவிடம் ஓடிபி நம்பர் கேட்டானாம், அவரும் தருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். பக்கத்தில் இருந்த இவன் போனைப் பிடுங்கி வைத்துவிட்டான். "யார் என்று பொய் சொல்லிக் கேட்டவனுக்குக் கொடுத்த வாக்கு, வாக்கே இல்லை" என்றான். எதிர்ப்பக்கம் ஒரு பெண் உடனே எழுந்து, "உன் ஆயாவுக்கு ஏமாற்றுகிறான் என்று தெரியாது. இங்கே ராஜாவுக்குச் சொல்லியாகிவிட்டது. தெரிந்த பிறகு கொடுத்தால் அது ஏமாந்தது இல்லை" என்றாள். நான் அரைமணி நேரம் பேசியிருந்தாலும் அந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டேன்.

முதல் சனிக்கிழமையை இங்கேயே முடியுங்கள். முடிவைச் சொல்லாமல் அனுப்புங்கள். சிலர் வீட்டில் போய்த் தேடிப் படித்துவிட்டு வருவார்கள், பரவாயில்லை. ஆயாவிடம் கேட்டுவிட்டு வருகிறவர்கள் சுக்கிரன் வண்டாக மாறிக் கமண்டலத்தின் மூக்கை அடைத்ததையும், தர்ப்பையால் குத்தியதில் ஒரு கண் போனதையும் கொண்டுவருவார்கள். அது நம் ஊர்களில் சொல்லப்படுவது, பாகவதத்தில் இல்லை. அதற்காகத் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள், இரண்டாம் வாரத்துக்கு அது மிகவும் பயன்படும்.

இரண்டாம் சனிக்கிழமை

மகாபலி குருவுக்குச் சொல்லும் பதிலோடு தொடங்குங்கள். நரகமோ வறுமையோ பதவி போவதோ சாவோ எனக்குப் பயமில்லை, தருகிறேன் என்று சொன்னவனை ஏமாற்றுவதற்குத்தான் பயப்படுகிறேன். பிரகலாதனின் பேரன் நான், சொன்ன சொல்லை எப்படி மாற்றுவேன்? குரு கோபத்தில் உன் செல்வமெல்லாம் போகட்டும் என்று சபிக்கிறார். அப்படியும் அவன் நீர் வார்க்கிறான். பையன் வளர்கிறான். ஒரு காலில் பூமி, இன்னொரு காலில் வானம். சாக்பீஸ் கோட்டைக் காட்ட வேண்டிய இடம் இது.

இந்த இடத்தில் கட்டாயம் ஒரு கேள்வி வரும்: அப்படியானால் பெருமாள் ஏமாற்றிவிட்டாரா? பல பெரியவர்கள் இங்கே பதறிப்போய் "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று வாயை அடைத்துவிடுவார்கள். அடைக்க வேண்டியதில்லை, ஏனென்றால் கதைக்குள்ளேயே அந்தக் குற்றச்சாட்டு இருக்கிறது. மகாபலியின் வீரர்கள், இவன் பிராமணன் இல்லை, மாயம் செய்கிற திருமால் என்று கத்திக்கொண்டு ஆயுதத்தோடு பாய்கிறார்கள். நிறுத்து என்று அவர்களைத் தடுப்பவன் மகாபலிதான். அதனால் பிள்ளைகளிடம், நீ கேட்டதைத்தான் அந்த வீரர்களும் கேட்டார்கள் என்று சொல்லிவிட்டு, இன்னொரு பக்கத்தையும் வையுங்கள். அவன் வாரிக் கொடுத்துக்கொண்டிருந்த மூன்று உலகம் யாருடையது? படையெடுத்துப் பிடித்தது. அதிதி எதற்காகப் பால் நோன்பு இருந்தாள்? நல்ல கொடையாளிதான், ஆனால் கொடுப்பதில் ஒரு பங்கு அடுத்தவன் வீடு.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி சும்மா இல்லை. வெள்ளையர் அரசாங்கத்தின் தனித்தனிக் குடியிருப்புச் சட்டத்தால் 1960களில் வீட்டை விட்டுக் கிளப்பப்பட்டு இங்கே வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். யாராவது தானாகவே அந்தக் கதையைத் தொட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக இழுத்துவந்து மகாபலியை அந்த அரசாங்கத்தோடு ஒப்பிட வேண்டாம், பொருந்தாது, கதையும் நசுங்கிவிடும்.

கருடன் மகாபலியை வருணனின் கயிற்றால் கட்டுகிறான். மூன்றாவது அடி எங்கே என்று கேள்வி வருகிறது. என் தலைமேல் வை என்கிறான் மகாபலி. பிறகு நடப்பதை அவசரப்படாமல் சொல்லுங்கள்: அவனைக் கொல்லவில்லை. சுதலம் என்ற கீழுலகத்தை அவனுக்குக் கொடுத்து, அதன் வாசலில் தானே காவல் நிற்பதாகத் திருமால் சொல்கிறார். பின்னால் வரும் ஒரு காலத்தில் இந்திர பதவியும் அவனுக்குத்தான். இப்போது பலகை ஓரத்தில் இருக்கும் மூன்று வேலைக்கு வாருங்கள். நல்லவரைக் காப்பது, சரி. அறத்தை நிலைநாட்டுவது, சரி. தீயவரை அழிப்பது? இங்கே யார் அழிந்தார்? சிங்கம் ஏன் வரவில்லை என்ற முதல் நாள் கேள்விக்கு அவர்களே வந்துவிடுவார்கள். "சைஸ்" பையன்தான் சொன்னான்: இரணியகசிபு யார் சொன்னாலும் கேட்க மாட்டான், இவன் கேட்பான், கேட்கிறவனிடம் கேட்டாலே போதும்.

ஒரே கதை, மூன்று வாய்

கதை எப்படி ஒரு நெறியைச் சுமக்கிறது என்பதை விளக்கமாகச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அதே கதையை வேறு வேறு பேர் எங்கே திருப்புகிறார்கள் என்று காட்டினால் புரியும். கம்பன் இதை விசுவாமித்திரர் இராமனுக்குச் சொல்லும் கதையாக வைக்கிறான், எடை முழுவதையும் ஈகையின் மேல் போடுகிறான். இறந்தவர் எல்லாம் இறந்தவர் இல்லை, கையேந்தி நிற்பவரே இறந்தவர், கொடுத்தவரைத் தவிர இங்கே நிலைத்தவர் யார் என்று கம்பனின் மகாபலி கேட்கிறான். கொடுப்பதைத் தடுப்பவனின் சுற்றம் உடையும் உணவும் இல்லாமல் போகும் என்றும் குருவிடம் சொல்கிறான். இது அப்படியே குறள்: "கொடுப்பது அழுக்கறுப்பான் சுற்றம் உடுப்பதூஉம் உண்பதூஉம் இன்றிக் கெடும்." ஆயா சொன்ன வண்டுக் கதையை இப்போது பக்கத்தில் வையுங்கள். குறள் சொல்லால் சொன்னதை வண்டுக் கதை ஒரு குத்துப்பட்ட கண்ணாகக் காட்டிவிட்டது. சுக்கிரன் உண்மையைத்தானே சொன்னார், அவருக்கு ஏன் கண் போக வேண்டும் என்று ஒரு பிள்ளை சண்டைக்கு வந்தால் உங்கள் வகுப்பு நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

கேரளத்தில் அதே மகாபலி ஓணத்தன்று மக்களைப் பார்க்க வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிறான். அங்கே கதையின் கண் வாமனன் மேல் இல்லை, போன ராஜாவின் நல்ல ஆட்சிமேல் இருக்கிறது. ஆண்டாளோ "ஓங்கி உலகளந்த உத்தமன்" என்று தொடங்கி மகாபலியின் பெயரையே சொல்லாமல் மழைக்கும் நெல்லுக்கும் போய்விடுகிறாள். மூன்றையும் ஐந்தைந்து நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். யார் எதைக் கூட்டினார், எதை விட்டார், அதனால் கதை யார் பக்கம் சாய்ந்தது என்ற ஒரே கேள்வி போதும். நம் தாத்தாக்கள் தோட்டத்தில் ஆடிய தெருக்கூத்தும் இப்படித்தான், ஒவ்வொரு குழுவும் தன் பக்கம் சாய்த்துத்தான் ஆடியிருக்கும். (அதை இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்கள். இன்னொரு "ஃபுட்" வந்துவிட்டது, ஸ்கேலை ஒளித்துவையுங்கள்.)

பாடம் ஏறியதா என்று பார்ப்பது

கடைசி இருபது நிமிடம் எழுதச் சொல்லுங்கள். கதையில் வரும் யாராவது ஒருவராக மாறி, நீர் விழுந்த பிறகு என்ன நினைத்தேன் என்று ஏழெட்டு வரி. ஆங்கிலத்தில் எழுதினாலும் பரவாயில்லை. "நாம் எப்போதும் நல்லவர்களாக இருக்க வேண்டும்" என்று முடிந்தால் பாடம் ஏறவில்லை, ஏனென்றால் அந்த வரியை எந்தக் கதைக்குக் கீழேயும் ஒட்டலாம். அந்தப் பிள்ளையிடம், இந்தக் கதையில் உன்னோடு யார் ஒத்துப்போக மாட்டார் என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பெயர் சொல்லிக் காரணமும் சொன்னால் கதைக்குள் வந்துவிட்டது.

குறுக்கே வரும் சில கேள்விகளுக்கும் தயாராக இருங்கள். முருகன் அவதாரமா என்று கேட்பார்கள், காவடி எடுக்கிற வீடுகளாயிற்றே. அவதாரம் என்பது முக்கியமாகத் திருமால் வழிபாட்டின் பேச்சு. சைவத்தில் சிவன் பிறவாதவன், முருகனை அவதாரக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பத்தில் புத்தர் உண்டா, பலராமன் உண்டா என்று வலைத்தளம் பார்த்துச் சண்டை போட்டால், பட்டியல்கள் அப்படி இருவிதமாகவே இருக்கின்றன, தமிழ் வைணவர்கள் பெரும்பாலும் பலராமனைச் சொல்வார்கள் என்று விட்டுவிடலாம். மீன், ஆமை, பன்றி, சிங்கம் என்று போவதால் இது டார்வின் சொன்னதேதான் என்று யாராவது பெரியவர் வந்து பேசினால் மட்டும் உறுதியாக மறுங்கள். பரிணாமத்தில் பன்றியிலிருந்து சிங்கம் வருவதில்லை, திங்கட்கிழமை அறிவியல் வகுப்பில் பிள்ளை அவமானப்படும்.

என் வகுப்பில் எழுதியவர்களில் பலர் மகாபலியையோ சுக்கிரனையோ எடுத்தார்கள். ஒரே ஒரு பெண் விந்தியாவளியை எடுத்தாள். "தண்ணீர் என் கையில் இருந்தது. நான் குடத்தைச் சாய்க்காமல் விட்டிருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை" என்று தொடங்கியது. பாகவதத்தில் அவளுக்குப் பேச்சு உண்டு. கணவன் கட்டுண்டு கிடக்கும்போது திருமாலை வணங்கி, இந்த உலகமே உன்னுடையது, மற்றவர்கள்தான் தங்களுடையது என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்கிறாள். அதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது ஊற்றின பிறகு சொன்னது, நான் கேட்பது ஊற்றுவதற்கு முன்னால்" என்றாள். இந்த வருடம் கதையை நிறுத்தும்போது சுக்கிரனுக்குப் பிறகு அவளிடமும் ஒருமுறை நிறுத்தப் போகிறேன்.